லாக்-இன் முடியும் நாளில் பங்கு விலை

ஒரு நிறுவனம் ஐபிஓ வெளியிட்டுச் சந்தைக்கு வரும்போது, அதன் எல்லாப் பங்குகளும் உடனே வாங்க விற்கக் கிடைப்பதில்லை. ஐபிஓவில் விற்கப்பட்ட பங்குகள் மட்டுமே பெரும்பாலும் கைமாறும். நிறுவனர்களிடமும், தொடக்க காலத்தில் பணம் போட்ட முதலீட்டாளர்களிடமும் இருக்கும் பங்குகளைக் குறிப்பிட்ட காலம்வரை விற்க முடியாது. இந்தத் தடைக்காலமே லாக்-இன். இந்தப் பங்குகள் டீமேட் கணக்கில் லாக்-இன் என்று குறிக்கப்பட்டே இருப்பதால், உரிமையாளர் நினைத்தாலும் விற்பனை நடக்காது. தடை நீங்கும் நாளில் பல கோடிப் பங்குகள் ஒரே நேரத்தில் விற்கத்தக்கவையாக மாறுகின்றன. அன்று விலை சரியும் என்ற அச்சம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சந்தையில் பரவத் தொடங்கிவிடும்.

இந்தியாவில் இந்தக் காலத்தை செபி விதிகள் நிர்ணயிக்கின்றன. புரமோட்டர்கள், ஐபிஓவுக்குப் பிந்தைய மொத்தப் பங்குகளில் 20 சதவீதத்தைப் பொதுவாக 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவர்களிடம் உள்ள பங்குகளுக்கும், புரமோட்டர் அல்லாத பழைய பங்குதாரர்களுக்கும் 6 மாதம். திரட்டிய பணத்தில் பெரும்பகுதி ஆலை, இயந்திரம் போன்ற மூலதனச் செலவுக்குப் போனால் புரமோட்டர்களுக்கான காலம் நீளும். ஐபிஓ திறப்பதற்கு முன்பே வாங்கும் ஆங்கர் முதலீட்டாளர்களுக்குப் பாதிப் பங்குகள் 30 நாளிலும், மீதி 90 நாளிலும் விடுபடும். ஊழியர்களின் பங்குகளுக்கும் சில வகை வென்ச்சர் நிதிகளுக்கும் விலக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் விதி தளர்த்தப்படும்வரை, புரமோட்டர் அல்லாதவர்களுக்கு இது ஓராண்டாக இருந்தது.

நாளைக் கணக்கிடுவதில் பலர் தவறுகிறார்கள். லாக்-இன் காலம் பங்கு பட்டியலான நாளிலிருந்து ஓடுவதில்லை. பங்கு ஒதுக்கீடு நடந்த நாளிலிருந்து ஓடுகிறது. இப்போது ஒதுக்கீடு முடிந்து ஓரிரு நாளில் பட்டியல் நடக்கிறது. பட்டியல் நாளை வைத்து எண்ணுபவர், விற்பனை தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொள்வார். யாருக்கு எத்தனை பங்கு, எவ்வளவு காலம் என்ற விவரம் நிறுவனத்தின் புராஸ்பெக்டஸில் மூலதன அமைப்பு பற்றிய பகுதியில் இருக்கும். ஒவ்வொரு காலாண்டும் பங்குச்சந்தைக்கு நிறுவனம் தரும் பங்குதாரர் பட்டியலிலும், லாக்-இன் பங்குகளுக்குத் தனிப் பத்தி உண்டு.

லாக்-இன் முடிவதால் புதிய பங்கு எதுவும் உருவாவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பங்குக்கான லாபம் குறைவதில்லை, நிறுவனத்தின் கடன் கூடுவதில்லை. அந்தப் பங்குகள் தொடக்கம் முதலே கணக்கில் இருந்தவைதான். மாறுவது ஒன்றே: விற்கக்கூடிய கைகளின் எண்ணிக்கை. அதுவும் யாருக்கும் தெரியாமல் வருவதில்லை, தேதி முன்கூட்டியே அச்சில் இருக்கிறது. அப்படியானால் சந்தை அதை முன்பே விலையில் சேர்த்திருக்க வேண்டாமா? அமெரிக்காவில் ஃபீல்டு, ஹாங்கா என்ற இரு ஆய்வாளர்கள் 1988 முதல் 1997 வரையிலான 1,948 லாக்-அப் ஒப்பந்தங்களை ஆராய்ந்து 2001-ல் கட்டுரை வெளியிட்டார்கள். லாக்-அப் முடியும் மூன்று நாட்களில் விலை சராசரியாக 1.5 சதவீதம் இறங்கியது. வர்த்தக அளவு நிரந்தரமாக 40 சதவீதம் கூடியது. வென்ச்சர் நிதிகள் பணம் போட்டிருந்த நிறுவனங்களில் சரிவு அதிகம். சராசரி இவ்வளவு சிறியது என்பது முக்கியம். செய்தியாகும் பெருஞ்சரிவுகள் அந்தச் சராசரியிலிருந்து வெகுதூரம் விலகியவை.

அப்படி விலகியவற்றில் இந்தியச் சந்தை மறக்காத நிகழ்வு ஜொமேட்டோ. 76 ரூபாய்க்குப் பங்கு விற்று, 2021 ஜூலை 23 அன்று அது பட்டியலானது. அதற்குப் புரமோட்டர் என்று யாரும் இல்லை. ஆகவே பழைய பங்குதாரர்கள் அனைவருக்கும் ஒரே ஓராண்டு லாக்-இன்; ஒரே நாளில் எல்லாருக்கும் விடுதலை. 2022 ஜூலை 25, திங்கட்கிழமை, சுமார் 613 கோடிப் பங்குகள், அதாவது நிறுவனத்தின் 78 சதவீதம், விற்கத்தக்கவையாயின. அன்று பங்கு 11 சதவீதத்துக்கு மேல் விழுந்து 47 ரூபாய் அளவில் முடிந்தது. மறுநாளும் 12 சதவீத அளவில் சரிந்தது. அதற்கடுத்த நாள் வர்த்தகத்தின் நடுவே 41 ரூபாய்க்கும் கீழே போய்த் தொட்டது.

அடுத்து நடந்ததில்தான் பாடம் இருக்கிறது. ஆகஸ்ட் 1 அன்று காலாண்டு முடிவு வந்தது. நட்டம் முந்தைய ஆண்டின் சுமார் 360 கோடியிலிருந்து 186 கோடியாகக் குறைந்திருந்தது. மறுநாள் பங்கு ஏறத்தாழ 20 சதவீதம் ஏறியது. ஆகஸ்ட் 3 அன்று ஊபர் தன்னிடமிருந்த 7.78 சதவீதப் பங்குகளையும், சுமார் 61 கோடிப் பங்குகள், 50 ரூபாய் சொச்சத்துக்கு மொத்தமாக விற்று வெளியேறியது. இந்தியாவிலிருந்த தன் உணவு விநியோகத் தொழிலை 2020-ல் ஜொமேட்டோவுக்குக் கொடுத்து, பதிலுக்குப் பெற்ற பங்குகள் அவை. ஆக, எல்லாரும் பயந்த பெரிய விற்பனையாளர் உண்மையில் விற்ற விலை, பயத்தில் சிறியவர்கள் விற்ற விலையைவிட ஏறத்தாழ பத்து ரூபாய் அதிகம். ஜூலை 25 முதல் 27 வரை வந்த சரிவில் பெருமுதலீட்டாளர்கள் சிலர் விற்றதும் உண்டு. ஆனால் 613 கோடியில் பெரும்பகுதி அசையவே இல்லை.

விடுபடும் பங்கும் விற்கப்படும் பங்கும் ஒன்றல்ல என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கற்பனையாக ஒரு நிறுவனம்: மொத்தப் பங்குகள் 10 கோடி, சந்தை விலை 200 ரூபாய். ஐபிஓவில் விற்றது 2.5 கோடி. புரமோட்டர்களிடம் 5 கோடி, தனியார் முதலீட்டு நிதிகளிடம் 2 கோடி, பிறரிடம் 50 லட்சம். புரமோட்டர்களின் 2 கோடி 18 மாதம் பூட்டியே இருக்கும். ஆறாம் மாதம் விடுபடுவது 5.5 கோடிப் பங்குகள். '1,100 கோடி ரூபாய்ப் பங்குகள் சந்தைக்கு வருகின்றன' என்று தலைப்புச் செய்தி வரும். ஆனால் அதில் 3 கோடி புரமோட்டர்களுடையது. தொழிலை நடத்துபவர் ஆறாம் மாதமே விற்பது அரிது. விற்கக் காரணம் உள்ளவை நிதிகள்தான். அவை பங்கை 40 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 180-க்கு விற்பதிலும் அவற்றுக்கு வருத்தம் இல்லை. தம் முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கெடுவும் அவற்றுக்கு உண்டு. அவை கால்பங்கை, அதாவது 50 லட்சத்தை, விற்க நினைப்பதாகக் கொள்வோம்.

இப்போது அந்த 50 லட்சத்தைச் சந்தையின் வாங்கும் சக்தியோடு ஒப்பிட வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது அன்றாட மொத்த வர்த்தக அளவை அல்ல, டெலிவரி அளவை. காலையில் வாங்கி மாலையில் விற்பவர்கள் யாருடைய பங்கையும் தாங்கி நிற்பதில்லை. இந்தப் பங்கில் நாளொன்றுக்கு 2 லட்சம் பங்குகள் டெலிவரி ஆகின்றன என்றால், நிதிகள் விற்க விரும்புவது 25 நாள் டெலிவரிக்குச் சமம். சாதாரணச் சந்தையில் கொட்டினால் விலை நொறுங்கும் என்பது நிதிகளுக்கும் தெரியும். அதனால் மியூச்சுவல் ஃபண்டு, காப்பீட்டு நிறுவனம் போன்ற பெரிய வாங்குபவரைத் தேடி, சற்றுத் தள்ளுபடியில், பங்குச்சந்தை அதற்கென ஒதுக்கியிருக்கும் பிளாக் டீல் நேரத்தில் கைமாற்றும். அந்தத் தள்ளுபடி விலைதான் அடுத்த சில நாட்களுக்குச் சந்தை விலையை இழுக்கும் காந்தம். இந்த விகிதம் மூன்று நான்கு நாளாக இருந்தால் லாக்-இன் நாளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. 25 நாள் என்றால் கவனம் வேண்டும்.

அந்நாளில் விற்க முடியாதவர்களும் உண்டு. நிறுவனத்தின் உள்விவரம் அறிந்த இயக்குநர்களுக்கும் முக்கிய அதிகாரிகளுக்கும், காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை வர்த்தகச் சாளரம் மூடப்பட்டிருக்கும். லாக்-இன் இந்த இடைவெளியில் முடிந்தால் அவர்கள் காத்திருந்தே ஆக வேண்டும். ஆகவே லாக்-இன் நாளோடு, காலாண்டு முடிவு வரும் நாளையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது அவசியம். உண்மையான விற்பனை அதன் பிறகும் வரலாம்.

வர்த்தகம் செய்ய நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, சரிவில் விற்று லாபம் பார்க்கும் ஆசையைக் கைவிடுவது. புதிதாகப் பட்டியலான பெரும்பாலான பங்குகளுக்கு ஃபியூச்சர்ஸ் கிடையாது. கையில் இல்லாத பங்கை விற்றால் அன்றைக்கே திரும்ப வாங்கியாக வேண்டும். பங்கு அப்பர் சர்க்கியூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்க வழியில்லாமல் ஏலத்துக்குப் போகும். அபராதம் கடுமையாக இருக்கும். இன்னொரு ஆபத்து, எல்லாரும் எதிர்பார்க்கும் சரிவு நேர்மாறாகத் திரும்புவது. ஃபேஸ்புக் பங்கில் 2012 ஆகஸ்ட் 16 அன்று சுமார் 27 கோடிப் பங்குகள் விடுபட்டபோது விலை 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நவம்பர் 14 அன்று சுமார் 80 கோடிப் பங்குகள் விடுபட்டபோதோ 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதற்குள் பயம் விலையில் முழுதாக இறங்கிவிட்டிருந்தது, ஜுக்கர்பெர்க் ஓராண்டுக்கு விற்கப் போவதில்லை என்று அறிவித்திருந்தார்.

ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் ஸ்டாப் லாஸ் ஆர்டரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பங்கு காலையிலேயே அந்த விலைக்குக் கீழே திறந்தால், கிடைக்கும் விலைக்குத்தான் விற்பனை நடக்கும். லோயர் சர்க்கியூட்டில் நின்றுவிட்டால் வாங்க ஆளே இருக்காது. சில மாதங்களில் பணம் தேவைப்படுபவர், விகிதம் பெரிதாக இருந்தால், தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வது நல்லது. நீண்ட காலத்துக்கு வைத்திருக்க வாங்கியவருக்கு இந்தத் தேதி விற்பதற்கான காரணமே அல்ல. புதிதாக வாங்க விரும்புபவருக்கோ இது காத்திருப்பதற்கு நல்ல காரணம்: ஒரே நாளில் முழுத் தொகையையும் போடாமல், பெரிய விற்பனையாளர் விற்று முடித்ததற்கான அடையாளம் தெரிந்த பிறகு பிரித்துப் பிரித்து வாங்கலாம்.

அந்த அடையாளம் அன்று மாலையே பொதுவெளியில் கிடைக்கிறது. ஒரு நிறுவனத்தின் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ, அவர் பெயர், எண்ணிக்கை, சராசரி விலை ஆகியவற்றைப் பல்க் டீல் பட்டியலில் பங்குச்சந்தைகள் வெளியிடுகின்றன. பிளாக் டீல்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு. எதிர்பார்த்த நிதியின் பெயர் விற்பவர் பக்கத்திலும், மியூச்சுவல் ஃபண்டுகளின் பெயர் வாங்குபவர் பக்கத்திலும் வந்தால் சுமை இடம் மாறிவிட்டது. பெயர் வரவில்லை என்றால் விற்பனை இன்னும் மிச்சமிருக்கிறது, அல்லது சிறிது சிறிதாக நடக்கிறது. அடுத்த காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் வரும் பங்குதாரர் பட்டியலில், அந்த நிதியின் சதவீதத்தை முந்தைய பட்டியலோடு ஒப்பிட்டு எது நடந்தது என்று உறுதி செய்துகொள்ளலாம்.