பன்னிரண்டு நிமிட வீடியோவுக்கு என்ன விலை?

யூடியூபில் சமையல் சேனல் நடத்தும் ஒரு பெண்மணி, வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்யும் இளைஞரைக் கூப்பிடுகிறார். "தம்பி, 12 நிமிஷ வீடியோ. ஒண்ணுக்கு எவ்வளவு வாங்குவீங்க?" புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். நாலைந்து மாதம் அடிபட்டவர், "எத்தனை கேமரா அக்கா? மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்திருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பார். எடிட்டரின் நேரத்தைத் தின்பது முடிந்த வீடியோவின் நீளம் அல்ல, வெட்டுவதற்கு முன் இருக்கும் காட்சிகளின் நீளம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு கேமராவிலும் சேர்த்து 90 நிமிடக் காட்சி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபைல்களை இறக்கி, இரு கேமராவின் சத்தத்தையும் ஒன்றோடொன்று பொருத்த 1 மணி நேரம். முழுவதையும் ஒருமுறை பார்க்க ஒன்றரை மணி. தேவையற்றதை வெட்டி முதல் வடிவத்துக்குக் கொண்டுவர 3 மணி. ஒலி, நிறம், எழுத்து, இசைக்கு இன்னொரு 3 மணி. எக்ஸ்போர்ட் செய்து, ஹெட்போனிலும் போன் ஸ்பீக்கரிலும் கேட்டுச் சரிபார்க்க 1 மணி. திருத்தங்களுக்கு ஒன்றரை. ஆக 11 மணி நேரம். மணிக்கு 250 ரூபாய் தன் உழைப்பின் விலை என்று நினைப்பவர் 2,750 ரூபாய் கேட்க வேண்டும். போட்டிக்குப் பயந்து 1,500-க்கு ஒப்புக்கொண்டால் மணிக்கு 136 ரூபாய்தான் மிஞ்சும். அதே 12 நிமிட வீடியோவுக்கு 4 மணி நேரக் காட்சி வந்து இறங்கினாலோ, பார்க்கவே கூடுதலாக இரண்டரை மணி போய்விடும். எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் நேரம் தனி.

ஆகவே 'ஒரு வீடியோவுக்கு இவ்வளவு' என்று பேசினாலும் அதற்கு வேலி வேண்டும். இந்த விலை 12 நிமிடம் வரையிலான வீடியோவுக்கு, காட்சி 90 நிமிடத்துக்குள் இருந்தால், இரண்டு முறை திருத்தம் உட்பட என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிடுவது நல்லது. திருத்தத்தில்தான் உறவே கசந்துபோகிறது. "இன்னும் கொஞ்சம் கலகலப்பா இருந்தா நல்லாருக்கும்" என்பதை வைத்து யாராலும் வேலை செய்ய முடியாது. "3:42-ல தாளிக்கிற சத்தம் பேச்சை அமுக்குது" என்றால் ஐந்து நிமிட வேலை. நிமிடம், விநாடி குறித்து, ஒரே பட்டியலாகக் கேட்டு வாங்குவது எடிட்டரின் பொறுப்பு.

"ரெண்டே நாள்ல தந்துடுறேன்" என்ற வாக்கிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. நாள் எப்போது தொடங்குகிறது? விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காட்சி 90 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 67 ஜிபி வரும். 20 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் அதை டிரைவில் ஏற்றவே ஏழரை மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் சொல்லவே வேண்டாம். "கடைசி ஃபைல் வந்து சேர்ந்த பிறகு 3 வேலை நாள், திருத்தத்துக்கு 1 நாள்" என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு. மறுநாளே வேண்டும் என்பவருக்கு அவசரக் கட்டணம் தனி. தீபாவளிப் பலகார வீடியோ தீபாவளிக்கு மறுநாள் வந்தால் யாருக்கும் பயனில்லை. அந்த அவசரத்துக்குக் காசு கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

இதெல்லாம் வேலை கிடைத்த பிறகு. கிடைக்க மாதிரி வேண்டும். பலர் அனுப்பும் மாதிரி, கல்யாண வீடியோவின் அழகான காட்சிகளைப் பாட்டோடு கோத்த ஒரு நிமிடத் தொகுப்பு. சேனல்காரருக்கு அது எதையும் சொல்வதில்லை. முதல் 30 விநாடி தாண்டி எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை யூடியூப் ஸ்டுடியோ அவருக்குக் காட்டுகிறது. அவர் கவலை அங்கேதான். எனவே எந்த வகை சேனலில் வேலை வேண்டுமோ அந்த வகையிலேயே மாதிரி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லையா? வீட்டில் அம்மா குழம்பு வைப்பதைப் போனில் எடுங்கள். வெட்டாத 40 விநாடியை முதலில் காட்டி, அதையே 15 விநாடியாக வெட்டியதை அடுத்து வையுங்கள். எடிட்டர் என்ன செய்தார் என்பது அப்போதுதான் தெரியும். இதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம். பதிப்புரிமைப் புகாரில் மாதிரியே முடங்கலாம். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது.

வேலை பிடித்துப்போனால், "மாசம் 4 வீடியோ தர்றேன், குறைச்சுக்கோங்க" என்பார் அந்த அக்கா. எண்ணிக்கைக்காகக் குறைக்காதீர்கள், நாலாவது வீடியோவுக்கும் அதே 11 மணி நேரம்தான். ஒவ்வொரு வாரமும் சொன்ன கிழமையில் காட்சிகளை அனுப்பி, பாதித் தொகையை முன்பணமாகத் தருபவருக்குத் தாராளமாகக் குறையுங்கள்.