கிரேடைக் கடைசியில் படியுங்கள்

இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி மாணவி புதுப்பிக்கப்பட்ட லேப்டாப் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு தலைப்புகள் வருகின்றன: ‘Dell Latitude 7480 i5 8GB 256GB SSD Grade A’, ‘Dell Latitude 7490 i5-8350U 8GB 256GB SSD Grade B’. பார்த்ததும் ஏ கிரேடுதான் மனதைப் பிடிக்கும். ஆனால் வாங்க வேண்டியது இரண்டாவதுதான். தலைப்பில் எதைப் பிற்பாடு மாற்ற முடியாதோ அதற்கே முதல் மதிப்பெண் தர வேண்டும். ராம், எஸ்எஸ்டி, பேட்டரி மூன்றையும் இந்த வகை லேப்டாப்பில் மாற்றிவிடலாம். பிராசஸரோ போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. முதல் தலைப்பில் ‘i5’ என்பதோடு நின்றுவிட்டார்கள். 7480 மாடலில் 6 அல்லது 7ஆம் தலைமுறை பிராசஸர்தான் வந்தது. அதன் ஐ5 வகைக்கு இரண்டு கோர்கள். 8350U-இல் முதலில் நிற்கும் 8 என்ற இலக்கம் 8ஆம் தலைமுறையைக் குறிக்கிறது. அதற்கு நான்கு கோர்கள். அதைவிட முக்கியம், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியல் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

டைப் செய்யவும் இணையம் பார்க்கவும் இரண்டு கோர் போதாதா என்று கேட்கலாம். வேகத்துக்குப் போதும், லினக்ஸ் போட்டுக்கொள்பவருக்கு 7480 நல்ல மெஷின்தான். விண்டோஸிலேயே இருக்க நினைப்பவருக்குத்தான் பாதுகாப்பு அப்டேட் கேள்விக்குறி ஆகிறது. தலைப்பில் இடமில்லை என்ற சமாதானமும் நிற்காது. ஐந்தே எழுத்துகள் கொண்ட பிராசஸர் எண்ணைப் போடாத விற்பனையாளரிடம் அதைக் கேட்டு வாங்கிய பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.

சோதித்துப் பார்த்துத்தானே கிரேடு தருகிறார்கள் என்பது அடுத்த வாதம். சோதிப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, அந்த எழுத்து பெரும்பாலும் மூடியின் கீறலையும் கீபோர்டின் தேய்மானத்தையும்தான் சொல்கிறது. கடற்கரையில் ஓடிய மெஷினுக்குக் கிரேடுக்கும் உள்ளிருக்கும் நிலைக்குமான இடைவெளி இன்னும் பெரிது. காற்றில் வரும் உப்பு விசிறி வழியாக உள்ளே போய்ப் படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது நீரை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடுகிறது. செம்பு இணைப்புகள் அரிக்கத் தொடங்குகின்றன. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான். வெளியே பளபளக்கும் லேப்டாப்பின் யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: பச்சை அல்லது வெள்ளைப் படிவு தெரிந்தால் ஏ கிரேடானாலும் வேண்டாம்.

பேட்டரியை அறிய, கட்டளைச் சாளரத்தில் இதைக் கொடுக்கலாம்:

```
powercfg /batteryreport
```

வரும் அறிக்கையில் ‘FULL CHARGE CAPACITY’ என்ற எண்ணை ‘DESIGN CAPACITY’ எண்ணால் வகுத்தால் மிச்சமுள்ள கொள்ளளவு தெரியும். அது பாதிக்கும் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். பிராசஸர் எண், துளைகளின் நிலை, பேட்டரி மூன்றும் சரியாக இருந்தால், மூடியில் இரண்டு கீறல் விழுந்த பி கிரேடு மெஷினே காசுக்கு மதிப்பு.