எந்த ஊரின் கடிகாரத்தில் இன்று?

கோவையில் இனிப்பும் முறுக்கும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கனடாவின் டொராண்டோவில் இருக்கிறார்கள். "மாலை 6 மணிக்குள் ஆர்டர் செய்தால் இன்றே பார்சல் கிளம்பும்" என்று கடையின் இணையதளம் சொல்கிறது. கடைக்காரருக்கு இதில் குழப்பமே இல்லை. ஆறரைக்குக் கூரியர் வண்டி வந்துவிடும். அதற்குள் பெட்டி கட்டியாக வேண்டும்.

டொராண்டோவில் இருப்பவரோ அதைத் தன் ஊர் மாலை 6 என்றுதான் படிப்பார். கோடைக்காலத்தில் கோவையின் மாலை 6 மணி அங்கே காலை 8:30. இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பி மதியம் 12 மணிக்கு அவர் பணம் கட்டும்போது, கோவையில் வண்டி போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

கெடு நேரம் பார்சல் கிளம்பும் ஊருக்கு உரியது. அதை மாற்ற வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் கடிகாரத்தில் காட்டினால் போதும்: "உங்கள் நேரப்படி இன்று காலை 8:30 வரை". "இன்னும் 2 மணி 10 நிமிடம்" என்று இறங்குமுகமாக எண்ணிக் காட்டுவது அதைவிட நல்லது. ஆனால் ஆர்டர் கெடுவுக்குள் வந்ததா என்பதைக் கடையின் சர்வர்தான் முடிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளரின் போனில் கடிகாரம் தவறாக ஓடலாம்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, "டொராண்டோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம்" என்று நிரலில் நிரந்தரமாக எழுதிவிடுவது. இந்தியாவில் கடிகாரத்தை யாரும் நகர்த்துவதில்லை. டொராண்டோவிலோ மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே வைக்கிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைக்கிறார்கள். அன்றிலிருந்து வித்தியாசம் பத்தரை மணி நேரம். கோவையின் மாலை 6 அங்கே காலை 7:30 ஆகிவிடும். பழைய எண்ணை வைத்திருக்கும் தளம் தொடர்ந்து 8:30 என்றே காட்டும். நவம்பர் தொடக்கத்துக்குப் பிறகு வரும் புகார்கள் எல்லாம் காலை 7:30-க்கும் 8:30-க்கும் இடையில் ஆர்டர் செய்தவர்களுடையவை என்றால், காரணம் இதுதான். எண்ணுக்குப் பதிலாக Asia/Kolkata, America/Toronto என்ற பெயர்களை நிரலில் வைத்தால், எந்த நாளில் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கணினி தன்னிடமுள்ள நேர மண்டலப் பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளும். அரசுகள் இந்த விதிகளை மாற்றுவதும் உண்டு. மெக்சிகோ 2022-ல் நாட்டின் பெரும்பகுதியில் கோடை நேரத்தையே கைவிட்டது. அதனால் அந்தப் பட்டியலையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

கெடு தவறினால் வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். தினசரி மொத்தத்தில் பிழை வந்தால் சொல்ல ஆள் இல்லை.

பெரும்பாலான சர்வர்கள் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அதன் நள்ளிரவு நமக்கு அதிகாலை 5:30. டொராண்டோவில் 2026 மார்ச் 31 மாலை 4:30-க்கு ஒருவர் 6,000 ரூபாய்க்கு ஆர்டர் செய்கிறார் என்று கொள்வோம். யூடிசியில் அது மார்ச் 31 இரவு 8:30. கோவையில் ஏப்ரல் 1 அதிகாலை 2 மணி. புதிய நிதியாண்டே பிறந்துவிட்டது. சர்வர் தன் தேதியை வைத்துக் கூட்டினால், அந்த ஆறாயிரம் மார்ச் 31-ன் விற்பனையில் சேரும். கோவைக் கணக்காளரோ அதை ஏப்ரல் 1-ல் தேடுவார்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. ஒரு நாள் மொத்தம் குறையும். முந்தைய நாளில் அதே தொகை கூடுதலாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் சரியாக வரும். விடுபட்டவை எல்லாம் நள்ளிரவுக்கும் அதிகாலை 5:30-க்கும் இடையில் வந்த ஆர்டர்களாக இருக்கும்.

ஆர்டர் வந்த கணத்தை யூடிசியில் சேமிப்பதில் தவறில்லை. அதுதான் நல்ல வழக்கம். கூட்டும்போது முதலில் கோவை நேரத்துக்கு மாற்றி, பிறகு தேதி பிரிக்க வேண்டும். அறிக்கையின் தலைப்பிலேயே "இந்திய நேரப்படி" என்று அச்சிட வேண்டும். டொராண்டோவில் ஒரு பணியாளர் இருந்து அதே அறிக்கையைத் திறந்தாலும், அவர் கணினியின் நேரத்துக்கு ஏற்ப மொத்தம் மாறக் கூடாது. பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் அறிக்கை எந்த நேரப்படி நாளை முடிக்கிறது என்பதையும் ஒப்பிடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் உள்ள கடைக்காரர்கள் ஒருநாள் இரவு 12:30-க்குத் தங்கள் தளத்தில் தாங்களே ஒரு சிறு ஆர்டர் போட்டு, அது எந்தத் தேதியின் மொத்தத்தில் சேர்கிறது என்று மறுநாள் பார்த்துவிடுவது நல்லது.