பூட்டிய பேழையும் திறந்த அடுக்கும்

பள்ளி ஒன்றில் நூலகம் இருப்பதும், அந்நூலகத்து நூல் மாணவர் கையில் இருப்பதும் வேறுவேறு. இவ்வேறுபாட்டை எடுத்துரைத்து, வகுப்பறை நூலகம் அமைக்க நிதி வேண்டி ஆசிரியர் ஒருவர் பள்ளி மேலாண்மைக் குழுவிற்குக் கடிதம் எழுதுகிறார் எனக் கொள்வோம். அக்கடிதம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சான்றொன்றின் வழியே காணலாம்.

கடிதத்தைப் படிப்பவர் யாவர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரோ பாதுகாவலரோ ஆவர். பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் நிதி செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் இக்குழுவின் பணிகள். எனவே, கடிதம் அலுவலர் ஒருவருக்கு எழுதும் விண்ணப்பம் அன்று. கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட்டுப் பெற்றோரால் விவாதிக்கப்படுவது. அது கூட்டத் தீர்மானமாக மாறினால் மட்டுமே நிதி கிடைக்கும்.

நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் 36 மாணவர்கள் பயில்கின்றனர். அவ்வகுப்பின் ஆசிரியை எழுதிய முதற்கடிதம், வாசிப்பின் சிறப்பை இரண்டு பக்கங்களில் விளக்கி, ‘தேவையான நிதியை வழங்கி உதவுமாறு’ வேண்டி முடிந்தது. குழுவினர் மூன்று வினாக்களை எழுப்பினர். பள்ளியில் ஏற்கெனவே நூலகம் இருக்க, மற்றொன்று எதற்கு? எவ்வளவு தொகை தேவை? நூல்கள் தொலைந்தால் யார் பொறுப்பு? கடிதத்தில் இவற்றிற்கு விடை இல்லை; ஆதலின் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. வாசிப்பு நன்று என்பதை மறுத்தவர் எவருமிலர். அதனை விளக்கவே கடிதத்தின் இடமெல்லாம் செலவாயிற்று என்பதே குறை.

இரண்டாம் கடிதம் எழுதுமுன் ஆசிரியை நூல் வழங்கற் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். பள்ளி நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையிலுள்ள ஒரு கண்ணாடிப் பேழை. ஆறாம் வகுப்புக்கு வாரம் ஒரு நூலகப் பாடவேளை உண்டு. அது 40 நிமிடம். மாணவர்கள் சென்று திரும்பவும் பேழையைத் திறந்து மூடவும் 10 நிமிடம் ஆகும். ஒருவர் நூலைத் தேர்ந்து பதிவு செய்ய 3 நிமிடம் எனில், எஞ்சிய 30 நிமிடத்தில் பத்துப்பேரே நூல் பெறுவர். 36 பேருக்கும் ஒருமுறை நூல் கிடைக்க ஏறத்தாழ நான்கு வாரங்கள் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை 16 வாரங்களில் 160 பதிவுகள் இருந்திருக்க வேண்டும், இருந்தவை 94. தலைமையாசிரியர் கூட்டங்களுக்குச் சென்ற நாள்களில் பேழை திறக்கப்படவே இல்லை. குறை நூல்களின் எண்ணிக்கையில் இல்லை, நூலை அடையும் வழியில் இருந்தது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இக்கணக்கே இரண்டாம் கடிதத்தின் உயிராயிற்று. அனுப்புநர், பெறுநர் முகவரிகளின் கீழ், தலைமையாசிரியர் வழியாக அனுப்பப்படுவது என்னும் குறிப்புடன் கடிதம் தொடங்கியது:

பொருள்: ஆறாம் வகுப்பில் வகுப்பறை நூலகம் அமைக்க 12,500 ரூபாய் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளி நூலகத்திலிருந்து ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் நூல் பெற இப்போது ஏறத்தாழ நான்கு வாரங்கள் காத்திருக்க வேண்டியுள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பதிவேட்டின் சுருக்கம் இணைக்கப்பட்டுள்ளது. அதில் ஒரு மாணவி ஒரே கதைநூலை மும்முறை எடுத்திருக்கிறாள். காரணம் கேட்டபோது, அடுத்த நூல் எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் இதனையே வைத்துக்கொள்வதாகக் கூறினாள்.

மாணவர் ஒருவருக்கு நான்கு நூல் என்னும் அளவில் 144 நூல்கள் கொண்ட திறந்த அடுக்கு ஒன்றை வகுப்பறையிலேயே அமைக்க விரும்புகிறேன். பள்ளி நூலகத்திலிருந்து 40 நூல்களை மாற்றித் தருவதாகத் தலைமையாசிரியர் இசைந்துள்ளார். எஞ்சிய 104 நூல்களுக்குச் சராசரி 75 ரூபாய் வீதம் 7,800 ரூபாயும், நான்கடி உயர அடுக்கிற்கு 4,200 ரூபாயும், பதிவேடு, மேலுறை, எண்சீட்டு ஆகியவற்றிற்கு 500 ரூபாயும் தேவை.

நூல்களை வழங்கும் பொறுப்பை வாரந்தோறும் இரு மாணவர் ஏற்பர். பதிவேட்டை நான் சரிபார்ப்பேன். ஆண்டுக்கு ஏழெட்டு நூல்கள் கிழியவோ தொலையவோ கூடும். அதற்காக மாணவரிடம் தண்டம் பெறுதல் வேண்டா எனக் கேட்டுக்கொள்கிறேன். தண்டத்திற்கு அஞ்சும் மாணவர் நூலைத் தொடவே தயங்குவர். முழுத்தொகை இயலாதெனில், இவ்வாண்டு பாதி நூல்களுடன் தொடங்க 8,600 ரூபாய் போதும். பயன்பாட்டு அறிக்கையை ஆறு திங்களில் குழுவின்முன் வைப்பேன்.

கடிதத்தின் அமைப்பை நோக்குவோம். கேட்கும் தொகை பொருள் வரியிலேயே உள்ளது. ஆதலின், கடிதம் படிக்கப்படும்போதே உறுப்பினர்கள் அத்தொகையை மனத்திற்கொண்டு காரணங்களை எடைபோடுவர். முதற்பத்தி ‘மற்றொன்று எதற்கு’ என்னும் வினாவிற்கும், இரண்டாம் பத்தி ‘எவ்வளவு’ என்பதற்கும், மூன்றாம் பத்தி ‘யார் பொறுப்பு’ என்பதற்கும் விடையாகின்றன. இழப்பு நேரும் என்பதை ஆசிரியையே முன்கூட்டி ஒப்புக்கொள்வது கடிதத்தின் வலிமை. எதுவும் தொலையாது என்று உறுதியளித்திருந்தால், முதல் நூல் தொலைந்த அன்றே அவ்வுறுதி பொய்த்திருக்கும். அடுக்குக்கும் பூட்டு வந்திருக்கும்.

பூட்டைப் பற்றிய இக்கவலை புதிதன்று. சென்னையில் கணிதப் பேராசிரியராயிருந்து, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தம் ஐந்து நூலக விதிகளுள் பயன்பாட்டையே முதலில் வைத்தார். நூலைக் காப்பதே நூலகத்தின் முதற்கடமை என்னும் பழைய எண்ணத்தை அவ்விதி மாற்றியது. நான்கடி உயரத் திறந்த அடுக்கு வேண்டுமென ஆசிரியை கேட்பதும் இதனாலேயே. பதினொரு வயதினர் எவர் துணையுமின்றி எட்டி எடுக்கும் உயரம் அது.

இத்தகைய கடிதங்களில் நேரும் பிழை இன்னொன்றும் உண்டு. நூல்களின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பிட்டுத் தன்மையைக் குறிப்பிடாவிடில், குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஒரே வகை நூல்கள் கட்டுக்கட்டாக வந்து சேரும். அடுக்கு நிறைந்திருந்தாலும் பதிவேடு வெறுமையாக இருக்கும். எனவே ஆசிரியை, மாணவரிடம் கேட்டுத் தொகுத்த நூற்பட்டியலைக் கடிதத்துடன் இணைத்தார். எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கான படக்கதைகள், சரளமாகப் படிப்போருக்கான நெடுங்கதைகள், அறிவியல், வாழ்க்கை வரலாறு எனப் பட்டியல் நான்காகப் பிரிக்கப்பட்டிருந்தது.

கடிதத்தின் இறுதியில் நாள், இடம், கையொப்பம் ஆகியவற்றின் கீழ் மூன்று இணைப்புகள் குறிக்கப்பெற்றன: பதிவேட்டுச் சுருக்கம், நூற்பட்டியல், அடுக்கிற்கான விலைப்புள்ளி. குழு இவற்றை ஆராய்ந்து, 8,600 ரூபாயை இவ்வாண்டும் எஞ்சிய 3,900 ரூபாயை ஆறு திங்கள் அறிக்கையைக் கண்டபின் அடுத்த ஆண்டும் வழங்கத் தீர்மானித்தது. தீர்மானத்தின் சொற்கள் பெரும்பாலும் கடிதத்திலிருந்தே எடுக்கப்பட்டன. தண்டம் வேண்டா என்னும் வரியும் அதில் இடம்பெற்றது.