சவரனுக்கு 720 ரூபாய் சரிவு: பயப்பட வேண்டுமா?

"தங்கம் விலை அதிரடி சரிவு, சவரனுக்கு ரூ.720 குறைந்தது" என்று செய்தி வந்தால், நேற்றுதான் நகை வாங்கியவருக்கு வயிறு கலங்கும். சவரன் 72,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 720 என்பது சரியாக ஒரு சதவீதம். சவரன் 24,000 விற்ற காலத்தில் இதே அசைவு 240 ரூபாயாக இருந்திருக்கும்; அதை யாரும் தலைப்புச் செய்தி ஆக்கியிருக்க மாட்டார்கள். விலை ஏற ஏற, அதே ஒரு சதவீதம் ரூபாய்க் கணக்கில் பெரிதாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

நம் ஊர் விலையில் இரண்டு சக்கரங்கள் ஓடுகின்றன. உலகச் சந்தையில் தங்கத்துக்கு டாலரில் விலை. ஓர் அவுன்ஸ் என்பது சுமார் 31.1 கிராம். அதை ரூபாய்க்கு மாற்றும்போது அன்றைய டாலர் மதிப்பும் சேர்ந்துகொள்கிறது. லண்டனில் தங்கம் 0.6 சதவீதம் ஏறி, அதே நாளில் ரூபாய் 0.4 சதவீதம் சரிந்தால், சென்னையில் விலை ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடிவிடும். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சாதாரண அசைவுகள். அமெரிக்க வட்டி விகிதம் பற்றிய ஒரு பேச்சே இதற்குப் போதும்.

ஒரு சதவீதம் ஏன் இயல்பு என்பதற்குக் கணக்கும் உண்டு. தங்கத்தின் ஓராண்டு ஏற்ற இறக்கத்தைச் சந்தைக்காரர்கள் தோராயமாக 15, 16 சதவீதம் என்று வைப்பார்கள். சந்தை இயங்கும் நாட்கள் ஆண்டுக்குச் சுமார் 250. ஏறும் நாளும் இறங்கும் நாளும் ஒன்றையொன்று பெருமளவு கழித்துவிடுவதால், 16-ஐ 250-ஆல் வகுக்கக் கூடாது. 250-இன் வர்க்கமூலமான, ஏறத்தாழ 16-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு சதவீதம். ஆக, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இந்த அளவைத் தாண்டினாலும் வியப்பில்லை. அமைதியான ஆண்டுகளில் இது குறையும், போர், நெருக்கடிக் காலங்களில் கூடும்.

உண்மையிலேயே அசாதாரணமான நாட்கள் வேறு மாதிரி இருக்கும். 2013 ஏப்ரல் 15 அன்று உலகச் சந்தையில் தங்கம் ஒரே நாளில் 9 சதவீதம் அளவுக்கு விழுந்தது. 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15-இலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், சென்னையில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. ஒரே நாளில் மூன்று சதவீதத்தைத் தாண்டினால் காரணத்தைத் தேடிப் படியுங்கள். அதற்குக் கீழே என்றால் தலைப்பைக் கடந்து போகலாம்.

நகை வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. சேதாரம், செய்கூலி என்று 10 சதவீதம் போட்டால், அதே 72,000 ரூபாய்ச் சவரனுக்கு 7,200 ரூபாய் போகிறது. அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. நாளைக்கு விலை குறையுமா என்று காத்திருப்பதைவிட, நாலு கடையில் சேதாரம் எவ்வளவு என்று கேளுங்கள்.