நனைந்த மண்ணை வறண்டது என்று சொன்ன சென்சார்

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 18-ம் தேதி காலை கல்லூரி மொட்டை மாடிக்கு ஏறியபோது, 200 லிட்டர் டிரம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. தண்ணீரில்லாமல் ஓடிய பம்ப் கருகிக் கிடந்தது. ஆறு பைகளில் வைத்திருந்த கத்தரிச் செடிகளின் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. பைக்குள் விரலை விட்டால் மண் சேறாக ஒட்டியது. ஆனால் மடிக்கணினித் திரையில் சென்சார் காட்டிய எண்ணுக்குப் பொருள், மண் வறண்டிருக்கிறது என்பது.

நாங்கள் நால்வர், எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானே தண்ணீர் விடும் மாடித்தோட்டம்தான் எங்கள் புராஜெக்ட். அமைப்பு எளிமையானது. முள்கரண்டி போல இரண்டு கால் கொண்ட ஒரு சென்சாரை மண்ணில் குத்தி வைப்போம். ஈரமான மண்ணில் மின்சாரம் சுலபமாகப் பாயும், காய்ந்த மண்ணில் பாயாது. அந்த வேறுபாட்டை ஆர்டுயினோ பலகை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக மாற்றித் தரும். எங்கள் மண்ணில் நன்றாகத் தண்ணீர் ஊற்றினால் சுமார் 415, காய்ந்தால் 800-க்கு மேல். ஆகவே 650-ஐத் தாண்டினால் ரிலே பம்பை ஓடவிட வேண்டும், கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும் என்று எழுதினோம்.

சோதிக்காமல் விட்டோம் என்று யாரும் எங்களைச் சொல்ல முடியாது. ஆய்வக மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அதில் சென்சாரை முக்கினோம், பம்ப் நின்றது. எடுத்துத் துணியால் துடைத்தோம், பம்ப் ஓடியது. பத்து முறை செய்தோம், பத்து முறையும் சரியாக வேலை செய்தது. அன்று மாலையே வெற்றி என்று முடிவு கட்டிவிட்டோம்.

எங்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர் கருகிய பம்பைப் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. “எத்தனை தடவை சோதிச்சீங்க?” என்றார். பத்துத் தடவை என்றோம். “எத்தனை நாள் சோதிச்சீங்க?” என்றார். எங்களிடம் பதில் இல்லை.

நாங்கள் செய்த பத்தும் உண்மையில் ஒரே சோதனைதான். தண்ணீருக்கும் காற்றுக்கும் வேறுபாடு தெரிகிறதா என்பதை மட்டுமே அது கேட்டது. மண்ணைப் பற்றியும் கேட்கவில்லை, நாட்களைப் பற்றியும் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்பது சென்சாரைப் பிடுங்கிப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு கால்களில் ஒன்று ஏறக்குறைய அப்படியே இருந்தது. மற்றொன்றில் மேல்பூச்சு உரிந்து, அடியிலிருந்த செம்பு அரித்துப் பச்சை படிந்திருந்தது. ஈரமான மண்ணில் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதற்குள் இரண்டு உலோகக் கால்களை வைத்து ஒரே திசையில் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருந்தால் மின்னாற்பகுப்பு நடக்கும். பள்ளி வேதியியலில் படித்ததுதான். நேர்மின் பக்கத்துக் கால் மெல்ல மெல்லக் கரையும். கரைந்த செம்பு போய்ச் சேருவதும் நாம் சாப்பிடும் காய் விளைகிற மண்ணுக்குத்தான். கால் அரிக்க அரிக்க மின்தடை கூடும், எண்ணும் ஏறும். ஈரம் மாறாமலே சென்சார் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் வறண்டதாகச் சொல்லிக்கொண்டே போகும்.

இது ஊகமா, உண்மையா என்று அறிய அதே வகைப் புதுச் சென்சார் ஒன்றை ஒரு தொட்டியில் குத்தி, மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டோம். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து எண்ணை நோட்டில் எழுதினோம். முதல் நாள் 415. ஐந்தாம் நாள் 470. ஒன்பதாம் நாள் 560. பதின்மூன்றாம் நாள் 655. எங்கள் எல்லைக்கோடு 650. அன்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பம்ப் நிற்காது. மாடியில் நாங்கள் சென்சாரைப் பொருத்தியது டிசம்பர் 30, ஊருக்குப் பேருந்து ஏறியது ஜனவரி 13. நிமிடத்துக்கு 2 லிட்டர் இறைக்கும் பம்ப் 200 லிட்டரைக் காலி செய்ய நூறு நிமிடம் போதும்.

இங்கேதான் எங்கள் திட்டத்தின் ஓட்டை எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு வாரத்தில் பொருள் வாங்க மூன்று, புரோகிராம் எழுத நான்கு, பொருத்த மூன்று, சோதனைக்கு ஒன்று, அறிக்கைக்கு ஒன்று என்று பிரித்திருந்தோம். சோதனை வாரம் பொங்கலுக்குப் பிறகு. அந்த வாரத்தை எவ்வளவு கவனமாகச் செய்திருந்தாலும் இந்தக் கோளாறு அதில் தென்பட்டிருக்காது. பதின்மூன்று நாளில் வெளிப்படும் பிழையை ஏழு நாளில் பிடிக்க முடியாது. புரோகிராமை இரவு கண்விழித்து எழுதி முடிக்கலாம், அரிப்பை அப்படி அவசரப்படுத்த முடியாது. முதல் வாரமே ஒரு சென்சாரை மண்ணில் குத்திவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்திருந்தால், புரோகிராமின் முதல் வரியை எழுதும் முன்பே விடை கையில் இருந்திருக்கும். அந்தச் சென்சாரின் விலை சில பத்து ரூபாய்தான்.

இரண்டாவது தவறு இதைவிட என்னை உறுத்துகிறது. கெட்டுப்போன சென்சாரை எங்கள் அமைப்பு தாகம் என்றே புரிந்துகொண்டது. சென்சார் காலுக்கும் அதன் சிறு பலகைக்கும் இடையிலுள்ள கம்பி கழன்றால் எண் 1023-க்கு ஏறிவிடும், அதாவது பாலைவனம். பம்ப் ஓடும். மேசையில் ஒரே ஒருமுறை அந்தக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வேலை செய்வதைக் காட்டவே நாங்கள் சோதித்தோம், கெடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடி செய்தபோது சென்சாருக்கு எப்போதும் மின்சாரம் கொடுப்பதை நிறுத்தினோம். மணிக்கு ஒருமுறை, படிக்கும் அந்த நொடிக்கு மட்டும் கொடுத்தோம்:

```
digitalWrite(7, HIGH);
delay(100);
int m = analogRead(A0);
digitalWrite(7, LOW);
```

ஒருமுறைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 24 முறை என்றால் மொத்தம் 2.4 நொடி. முன்பு அது 86,400 நொடியாக இருந்தது. இதனால் அரிப்பு வெகுவாகக் குறையும், அடியோடு நிற்காது. நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் உலோகம் மண்ணைத் தொடாத கெப்பாசிட்டிவ் வகைச் சென்சார்தான் சரி. அதிலும் பலகையின் வெட்டு விளிம்புகளில் ஈரம் ஏறும் என்பதால் வார்னிஷ் பூச வேண்டும்.

அடுத்து, எண் 1000-ஐத் தாண்டினால் பம்பை ஓட்டாமல் சிவப்பு விளக்கை எரியவிட்டோம். எங்கள் மண் எவ்வளவு காய்ந்தும் 860-ஐத் தாண்டியதில்லை என்பதால் அந்த எல்லையை வைத்தோம். சிறு பலகைக்கும் ஆர்டுயினோவுக்கும் இடையே கம்பி அறுந்தால் இது உதவாது, அப்போது எண் கண்டபடி தாவும். அதற்கும் சேர்த்துத்தான் கடைசிக் காவல்: சென்சார் என்ன சொன்னாலும் பம்ப் ஒரு நாளைக்கு மொத்தம் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடாது. மூன்று நிமிடத்தில் ஆறு லிட்டர், பைக்கு ஒரு லிட்டர். சென்சார் முழுதாகப் பொய் சொன்னாலும் செடி மூழ்காது.

புதிய அமைப்பை ஒப்படைக்கும் முன் இருபது நாள் மாடியில் ஓடவிட்டோம். தினமும் ஒருவர் போய்க் கம்பியைப் பிடுங்கினோம், டிரம்மைக் காலி செய்து பார்த்தோம், சென்சாரை மண்ணிலிருந்து உருவினோம். ஒவ்வொரு முறை நடந்ததும் தேதியோடு நோட்டில் இருக்கிறது. முதல் மதிப்பீட்டில் இழந்த மதிப்பெண் திரும்பக் கிடைக்கவில்லை. ஆறு கத்தரிச் செடிகளில் இரண்டுதான் பிழைத்தன.

இந்த ஆண்டு புராஜெக்ட் தொடங்கும் தம்பி தங்கைகளே, சென்சார் வாங்கிய அன்றே ஒன்றை மண்ணில் குத்திவிடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, தேதி போட்டு, அன்றைய எண்ணை எழுதுங்கள்.