பத்தாயிரம் கற்கள், ஓர் ஆற்றங்கரை

கணினித் திரையில் ஓர் ஆற்றங்கரையைச் செதுக்கி எடுப்பது கைப்பழக்கம் உள்ளவருக்கு ஓரிரு மணிநேர வேலை. அந்தக் கரைமேல் கூழாங்கற்களைப் போடுவதுதான் ஆளைச் சோர வைக்கும். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் நிலம் என்றாலும் பார்வைக்கு நிறைவாக இருக்க ஏறக்குறைய பத்தாயிரம் கல் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க யாராலும் முடியாது. கணினியிடம் "நீயே எங்காவது போட்டுக்கொள்" என்று விட்டால் செங்குத்துச் சுவரிலும் கல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் இதற்கென இருக்கும் வசதி ஜியாமெட்ரி நோட்ஸ். 2020-ன் கடைசி மாதங்களில் அதை உருவாக்கத் தொடங்கியவர்கள் முதல் சோதனைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டதே கூழாங்கல் சிதறலைத்தான். 2021 பிப்ரவரியில் 2.92 பதிப்போடு அது பொதுமக்கள் கைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களில் `Point Distribute` என்ற பெயரைக் கண்டால் அப்படியே மூடிவிடுங்கள். இன்றைய பிளெண்டரில் அந்தப் பெட்டி இல்லை.

நோடு என்பது திரையில் தெரியும் ஒரு சிறு பெட்டி. இடப்பக்கம் ஏதோ உள்ளே வரும், வலப்பக்கம் அது மாறி வெளியே போகும். பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தால் அதுவே செய்முறை. நம் வேலைக்கு மூன்று பெட்டிகள் அடிப்படை. `Distribute Points on Faces` நிலத்தின் மேல் புள்ளிகளைத் தூவும். `Instance on Points` ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கல்லை வைக்கும். `Join Geometry` கற்களையும் நிலத்தையும் ஒன்றாக வெளியே அனுப்பும். கடைசிப் பெட்டியை விட்டுவிட்டால் கற்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும், நிலம் காணாமல் போயிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பதறுகிற முதல் இடம் இது.

தூவும் முன் ஒரு சோதனை. நிலத்தைத் தேர்ந்தெடுத்து `N` விசையை அழுத்தினால் பக்கவாட்டில் `Scale` தெரியும். மூன்று எண்களும் 1 ஆக இருக்க வேண்டும். பிளெண்டர் தரும் தட்டைத் தகடு 2 மீட்டர் அகலம். அதை மூன்று மடங்கு இழுத்து 6 மீட்டர் ஆக்கியிருந்தால் நம் கண்ணுக்கு 36 சதுர மீட்டர். நோட்ஸின் கணக்கில் அது இன்னும் 4 சதுர மீட்டர்தான். அந்த 4 சதுர மீட்டருக்குரிய கற்களைத் தூவிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மூன்று மடங்கு பெரிதாக்கும். 6 செ.மீ. கல் 18 செ.மீ. பாறையாகும், இடைவெளியும் மூன்று மடங்காகும். கற்கள் எண்ணிக்கையில் குறைந்து பருமனாகத் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். `Ctrl A` அழுத்தி `Scale` என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். சிதறப்போகும் கல் மாதிரிகளுக்கும் இதைச் செய்துவிட வேண்டும்.

இனித் தூவலாம். இதில் இரண்டு வழி உண்டு. `Random` என்பது கையால் விதைப்பது மாதிரி, ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் வெற்றாகும். `Poisson Disk` என்பது நாற்று நடுவது மாதிரி, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நாம் சொன்ன இடைவெளியாவது இருக்கும். கல் கல்லுக்குள் புகுந்து நிற்பதைத் தவிர்க்க இரண்டாவதுதான் நமக்கு ஏற்றது. `Distance Min` 0.04, அதாவது 4 செ.மீ. என்று கொடுக்கிறோம். கூடவே `Density Max` என்ற எண்ணும் கேட்கும். பிளெண்டர் முதலில் சதுர மீட்டருக்கு அத்தனை புள்ளிகளைத் தாறுமாறாகப் போட்டுவிட்டு, நெருங்கி நிற்பவற்றைக் களைகிறது. 4 செ.மீ. இடைவெளியில் ஒரு சதுர மீட்டரில் நானூறு சொச்சம்தான் தங்கும். அதற்காக 400 என்று கொடுத்தால் களைந்தபின் திட்டுத்திட்டாக வெற்றிடம் விழும். 3000 கொடுங்கள், தேவைக்கு மேல் போட்டுக் களைந்தால்தான் பரப்பு நிரம்பும்.

அடுத்தது கற்கள். ஐந்தாறு கூழாங்கற்களை மட்டும் செய்து ஒரே தொகுப்பில் போட்டு, அதை `Collection Info` வழியாக `Instance on Points` பெட்டிக்கு அனுப்பினால் போதும். அங்கே மூன்று தேர்வுக் கட்டங்களைக் கவனிக்க வேண்டும். `Separate Children` இல்லாவிட்டால் ஐந்து கல்லும் ஒரே கொத்தாகிவிடும். `Reset Children` இல்லாவிட்டால், நீங்கள் கல்லைச் செய்து வைத்த இடத்தின் தூரமும் சேர்ந்து வரும்; கற்கள் நிலத்தை விட்டு எங்கோ தள்ளி மிதக்கும். `Pick Instance` இல்லாவிட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்து கல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். பத்தாயிரம் கல் கணினியைத் திணறடிக்காததற்குக் காரணம், இவை நகல்கூட அல்ல என்பதுதான். ஐந்து கல்லின் வடிவம் மட்டும் நினைவகத்தில் இருக்கிறது, மற்றதெல்லாம் இடமும் திருப்பமும் அளவும் அடங்கிய குறிப்பு. யாரோ சொன்னார்கள் என்று `Realize Instances` பெட்டியைக் கடைசியில் மாட்டினால் அந்தச் சலுகை போய்விடும். கல்லுக்கு 2,000 முகங்கள் என்றால் மொத்தம் இரண்டு கோடி முகங்களைத் தூக்கிக்கொண்டு கணினி முக்கும்.

இதுவரை செய்தது வெறும் தூவல். ஆற்றங்கரை ஆவதற்கு ஆறு கடைப்பிடிக்கும் சட்டங்களைச் சொல்லித்தர வேண்டும்.

முதல் சட்டம் சரிவு. தளர்ந்து கிடக்கும் சரளை ஏறக்குறைய 35 பாகைக்கு மேல் சரிந்த இடத்தில் தங்காது, உருண்டுவிடும். நிலத்தின் ஒவ்வொரு முகமும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை `Normal` பெட்டி சொல்லும். அதன் மேல்நோக்கிய அளவை, அதாவது `Z` மதிப்பை, மட்டும் பிரித்தெடுத்தால் சமதளத்துக்கு 1, செங்குத்துச் சுவருக்கு 0, 35 பாகைக்கு 0.82. அந்த இடத்தில் கத்தியால் வெட்டினாற்போல் கல் நின்றுவிட்டால் பொய்யாகத் தெரியும். எனவே `Map Range` பெட்டியில் 0.77 முதல் 0.91 வரையுள்ள மதிப்பை 0 முதல் 1 ஆக மாற்றி, அதை `Density Factor` வாயில் செருகுகிறோம். 25 பாகை வரை கல் முழுசாக இருக்கும், 40 பாகையில் ஒன்றும் இருக்காது, நடுவில் மெல்ல அருகும்.

செதுக்கிய நிலத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தூரிகை விட்டுப்போன நுண்ணிய மேடுபள்ளங்களுக்கெல்லாம் சரிவு உண்டு. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் மணல்திட்டிலும் கற்கள் சொறி பிடித்தாற்போல் விடுபட்டு நிற்கும். `Map Range` பெட்டியை `Ctrl Shift` அழுத்திச் சொடுக்கினால் அது `Viewer` பெட்டியோடு இணைந்து, நிலம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளைப் பகுதிக்குள் கறுப்புப் பொரிப்பொரியாகத் தெரிந்தால் நோய் இதுதான். `Z` மதிப்பை `Map Range` பெட்டிக்கு அனுப்பும் முன் `Blur Attribute` வழியாகச் சில சுற்று விட்டெடுத்தால், கணக்குக்கு மட்டும் நிலம் வழவழப்பாகிவிடும். நீங்கள் செதுக்கியது செதுக்கியபடியே இருக்கும்.

இரண்டாவது சட்டம் அளவு. ஆற்றில் சிறியது ஏராளம், பெரியது அரிது. `Random Value` 0-க்கும் 1-க்கும் நடுவே எல்லா எண்ணையும் சமமாகத் தரும். அதை அப்படியே அளவாக்கினால் கடையில் கலந்து விற்கும் சரளைபோல இருக்கும். அந்த எண்ணை மும்மடிக்கு உயர்த்துங்கள். பாதி 0.125-க்குக் கீழே போய்விடும். 2 முதல் 6 செ.மீ. வரை என்று வைத்தால் பாதிக் கற்கள் 2.5 செ.மீ.க்குள் அடங்கும், 4 செ.மீ.யைத் தாண்டுவது ஐந்தில் ஒன்று. 10 முதல் 20 செ.மீ. வரையிலான பெருங்கற்களை இதே தூவலில் சேர்க்கக் கூடாது. இடைவெளி எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் அவை அக்கம்பக்கத்துக் கற்களை விழுங்கிவிடும். பெருங்கற்களுக்குத் தனித் தூவல், 35 செ.மீ. இடைவெளி. பிறகு சிறுகற்களின் புள்ளிகளில், பெருங்கல் புள்ளிக்கு 8 செ.மீ.க்குள் வருபவற்றை `Geometry Proximity` கொண்டு அளந்து, `Delete Geometry` கொண்டு நீக்கிவிடலாம்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தட்டைக் கூழாங்கற்கள் ஆற்றில் கண்டபடி கிடப்பதில்லை. நீரோட்டம் தள்ளித்தள்ளி, அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தட்டைப் பக்கம் நீர் வரும் திசையை நோக்கித் தாழ்ந்து அடுக்கிக்கொள்ளும். காய்ந்த ஆற்றில்கூட இந்தச் சாய்வைப் பார்த்து, ஒருகாலத்தில் நீர் எப்பக்கம் ஓடியது என்று புவியியலாளர்கள் சொல்லிவிடுவார்கள். நோட்ஸில் இதற்கு இரண்டு `Rotate Rotation` பெட்டிகள் போதும். தூவல் பெட்டி தரும் `Rotation` கல்லை நிலத்தோடு ஒட்டிப் படுக்கவைக்கும். முதல் பெட்டி, `Local` என்ற அமைப்பில், கல்லை அதன் `Z` அச்சில் 0 முதல் 360 பாகைக்குள் ஏதோ ஓர் அளவு சுழற்றும். இரண்டாவது, `Global` என்ற அமைப்பில், எல்லாக் கற்களையும் ஒரே பக்கம் சாய்க்கும். நீர் `X` திசையில் ஓடுகிறது என்றால் `Y` அச்சில் -20 பாகை, கல்லுக்குக் கல் ஏழெட்டுப் பாகை ஏறக்குறைய. இரண்டாவதையும் `Local` அமைப்பிலேயே விட்டால் சாய்வும் சேர்ந்து சுழன்று, ஆறு எல்லாத் திசையிலும் ஓடியதாகிவிடும்.

கல் மண்ணில் புதைந்திருக்க வேண்டும் என்பதற்கு நோடு எதுவும் தேவையில்லை. கல் மாதிரியைச் செய்யும்போதே அதன் மூலப்புள்ளியைக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்துவிட்டால், எந்த அளவுக்கு மாறினாலும் அந்தப் பங்கு மண்ணுக்குள் போகும். நிழலுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று தாழ்ந்த கோணத்திலிருந்து பாருங்கள். தெரிந்தால் மூலப்புள்ளியை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும்.

செதுக்கல் முடியும்வரை கற்களின் இடத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண். தூரிகையால் மேடு பள்ளம் செய்தால் கற்கள் பெரும்பாலும் நிலத்தோடு சேர்ந்து நகரும். `Remesh` செய்தாலோ கண்ணி முழுதும் புதிதாகப் பின்னப்படும், எல்லாக் கல்லும் இடம் மாறிவிடும். நேற்று ஒப்புதல் வாங்கிய காட்சி இன்று வேறாகிவிட்டால் படக்குழுவில் சண்டை வரும். எனவே நிலத்தை உறுதி செய்த பிறகே சிதறலை இறுதியாக்குங்கள்.

இந்த முறைக்கு எடை தெரியாது. கல்மேல் கல் தாங்கி நிற்கும் குவியல் வேண்டுமென்றால் இயற்பியல் பாவனையில் கற்களை விழவைத்துத்தான் எடுக்க வேண்டும். கேமரா மூக்குக்கு அருகே வரும் ஐந்தாறு கற்களை நோட்ஸிடம் விடாமல் கையாலேயே வைத்துவிடுங்கள். பார்ப்பவர் உற்றுப் பார்ப்பது அவற்றைத்தான்.